இரண்டாவது பெரிய மதிப்பெண்: காலி லிஸ்ட், ஒற்றை எண், திரும்ப வரும் எண் போட்டுத் திருத்துவது

கேள்வி: பெங்களூரில் ஒரு காலேஜில் பைத்தான் லேப் பார்த்துக்கொள்கிறேன். 'மதிப்பெண் லிஸ்டில் இரண்டாவது பெரிய மதிப்பெண்ணைத் திருப்பும் ஃபங்ஷன் எழுது' என்ற கேள்விக்கு 60 பேர் எழுதியிருக்கிறார்கள். நான் போட்ட [45, 82, 67, 91] லிஸ்டுக்கு எல்லோருக்கும் சரியாக வருகிறது. காலி லிஸ்ட், ஒரே ஒரு எண், ஒரே எண் இரண்டு தடவை இதெல்லாம் போட்டுப் பாருங்கள் என்று ஹெச்.ஓ.டி. மேடம் சொல்கிறார். போட்டால் ஆளுக்கு ஒரு விடை வருகிறது. எதைச் சரி என்பது, எதற்கு மார்க் குறைப்பது?

பாதிக் குற்றம் மாணவர்கள் மேல் இல்லை, கேள்வி மேல். அதனால் ஒரு புரோகிராமைக்கூட ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, எந்த லிஸ்டுக்கு என்ன விடை வரவேண்டும் என்று கையால் எழுதிவிடுங்கள். இதைச் செய்யாமல் ஓட்டினால் திரையில் வருவதைப் பார்த்து, 'ஆமாம், இதுவும் சரிதான் போல' என்று மனசு அதற்கு வளைந்துகொடுத்துவிடும். நான் இந்த ஊரில் பதினாறு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன், அதில் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு காலேஜ் லேபில் திருத்தவும் செய்கிறேன். மனசு வளைவது எனக்கும் நடந்திருக்கிறது, கீழே சொல்கிறேன்.

தாளில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடிப்பது திரும்ப வரும் எண்தான். [91, 91, 67] என்ற லிஸ்டில் இரண்டாவது பெரிய மதிப்பெண் எது? பள்ளிக்கூட ரேங்க் கார்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் 91 வாங்கினால் இருவருக்கும் முதல் ரேங்க், 67 வாங்கியவனுக்குச் சில பள்ளியில் இரண்டாவது ரேங்க், சில பள்ளியில் மூன்றாவது. டேட்டாபேஸ் ஆட்கள் இந்தச் சண்டைக்கே மூன்று தனித்தனி ஃபங்ஷன் வைத்திருக்கிறார்கள். இந்த மூன்று மதிப்பெண்ணுக்கும் DENSE_RANK போட்டால் 1, 1, 2 என்று வரும், RANK போட்டால் 1, 1, 3, ROW_NUMBER போட்டால் 1, 2, 3. அதாவது முதல் கணக்கில் இரண்டாவது 67, கடைசிக் கணக்கில் இரண்டாவது 91, நடுக் கணக்கில் இரண்டாவது என்று ஒன்றுமே இல்லை. இந்த ஊர் இன்டர்வியூக்களில் 'இரண்டாவது அதிகச் சம்பளம் யாருக்கு' என்று கேட்கிறார்களே, அதில் ஆள் தடுமாறுகிற இடமும் இதுதான். கேட்பவரிடம் 'ஒரே சம்பளம் இரண்டு பேருக்கு இருந்தால்?' என்று திருப்பிக் கேட்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

உங்கள் கேள்வித்தாளில் 'வெவ்வேறான மதிப்பெண்களில்' என்ற ஒரு சொல் இருந்திருந்தால் விடை 67தான் என்று முடிந்திருக்கும். அது இல்லை. அதனால் 91 என்று திருப்புகிறவனுக்கு இந்தத் தடவை மார்க் குறைக்காதீர்கள். ஆனால் அவன் புரோகிராம் சொன்ன பேச்சில் நிற்கிறதா என்று பாருங்கள்: [91, 91, 67], [91, 67, 91], [67, 91, 91] மூன்றையும் போட்டால் மூன்றுக்கும் ஒரே விடை வரவேண்டும். எண்கள் அதேதான், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. விடை மாறினால் அவன் 91 என்று நினைத்து எழுதவில்லை, தற்செயலாக 91 வந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே குறைக்கலாம், மனசாட்சி உறுத்தாது.

இப்போது 60 பேரில் பெரும்பாலானவர்கள் எழுதியிருக்கக்கூடிய புரோகிராமை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் மாறும், உருவம் இதுதான்:

```python
def second(marks):
    big = 0
    sec = 0
    for m in marks:
        if m > big:
            sec = big
            big = m
        elif m > sec and m != big:
            sec = m
    return sec
```

உங்கள் லிஸ்டை இதில் நடத்திப் பாருங்கள். 45 வந்ததும் big 45, sec 0. 82 வந்ததும் பழைய big கீழே இறங்கி sec 45 ஆகிறது, big 82. 67 வருகிறது, 82ஐ விடச் சின்னது, 45ஐ விடப் பெரிது, அதனால் sec 67. 91 வந்ததும் sec 82, big 91. விடை 82, சரி. [91, 91, 67] போட்டாலும் இரண்டாவது 91ஐ m != big தடுத்துவிடுவதால் 67 வருகிறது. அந்த ஒரு நிபந்தனையை விட்டவனுக்கு 91 வரும். ஆக உங்களுக்கு 'ஆளுக்கு ஒரு விடை' வந்ததில் கொஞ்சம் இந்த அரை வரியால் வந்தது.

இதே புரோகிராமுக்கு [50] கொடுங்கள். 0 வரும். காலி லிஸ்ட் கொடுங்கள், 0. [70, 70] கொடுங்கள், அதற்கும் 0. இதைப் பார்த்துவிட்டு 'சரி, இரண்டாவது இல்லை, அதனால் சைபர் என்கிறான், நியாயம்தானே' என்று தோன்றும். எனக்கும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் தோன்றியது. அப்போது [50, 0] என்று ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பரீட்சைக்கு வராதவனுக்கு 0 போட்டிருக்கிறார்கள், அது நிஜ மதிப்பெண், இரண்டாவது பெரிய மதிப்பெண் உண்மையிலேயே 0. புரோகிராமும் 0 என்றே சொல்கிறது. இப்போது [50]க்கும் [50, 0]க்கும் வந்த விடையை வைத்து எது எது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா? முடியாது. கூப்பிட்டவனுக்கு இரண்டாவது ஆள் இருக்கிறானா இல்லையா என்று தெரியவே தெரியாது. அதனால்தான் 0 தப்பு. None என்று திருப்பியிருந்தாலோ, எர்ரர் காட்டியிருந்தாலோ, 'இரண்டாவது மதிப்பெண் இல்லை' என்று ஒரு வாக்கியத்தைத் திருப்பியிருந்தாலோகூட அந்தக் குழப்பம் இல்லை.

இதிலிருந்து எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது, கேள்வி ஒன்றும் சொல்லாத இடங்களில் அதையே வைத்துக்கொள்கிறேன். புரோகிராம் ஒரு எண்ணைத் திருப்பினால், 'இதுதான் இரண்டாவது' என்று அது சத்தியம் செய்கிறது. அந்த எண் லிஸ்டில் இருக்கவேண்டும், அதைவிடப் பெரியது லிஸ்டில் ஒன்று இருக்கவேண்டும். [50]க்கு 0 என்றால் 0 லிஸ்டிலேயே இல்லை. [50]க்கு 50 என்றால் லிஸ்டில் இருக்கிறது, ஆனால் அதைவிடப் பெரியது இல்லை. இரண்டும் பொய்ச் சத்தியம். எண் எதையும் திருப்பாமல் வேறு விதமாகக் கைவிரித்தால் அது பொய் இல்லை. 91ஐ இரண்டு தடவை எண்ணுகிறவர்களுக்கு மட்டும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது, அவர்களுக்கு மேலே சொன்ன மூன்று வரிசைச் சோதனை போதும்.

[50]க்கு 50 யாருக்கு வரும் என்று கேட்டீர்களானால், அங்கேதான் நான் மாட்டிய கதை வருகிறது. சில வருடத்துக்கு முன்னால் இதே மாதிரிக் கேள்விக்கு இரண்டு பேர் ஓரிரு வரியில் எழுதியிருந்தார்கள். ஒருத்தி கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிற பெண், இன்னொருவன் அல்சூர்ப் பையன்.

```python
return sorted(marks)[-2]
```

இது அந்தப் பெண் எழுதியது. பையன் எழுதியது இது:

```python
a = sorted(marks)
return a[len(a) - 2]
```

நான் [50] போட்டேன். பெண்ணுடையது IndexError: list index out of range என்று விழுந்துவிட்டது, பையனுடையது விழவில்லை. விழுந்ததற்கு இரண்டு மார்க் குறைத்தேன், விழாததற்கு முழு மார்க் போட்டேன். அடுத்த வாரம் அந்தப் பெண் இரண்டு ரெக்கார்டையும் கையில் வைத்துக்கொண்டு வந்து, 'சார், ரெண்டும் ஒண்ணுதானே, எனக்கு மட்டும் ஏன் குறைச்சீங்க?' என்று தமிழிலேயே கேட்டாள். உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரே எண் இருக்கும்போது len(a) - 2 என்பது 1 - 2, அதாவது -1. பைத்தானில் -1 என்றால் கடைசி உறுப்பு. அந்த ஒரே எண்தான் கடைசியும். அதனால் பையனுடைய புரோகிராம் முதல் மதிப்பெண்ணையே எடுத்து 'இதுதான் இரண்டாவது' என்று சத்தமில்லாமல் நீட்டியிருக்கிறது. பெண்ணுடையது தெரியாது என்று சொல்லி நின்றுவிட்டது. நான் திரையில் 50 என்று ஒரு எண் வந்ததைப் பார்த்ததும் டிக் அடித்திருக்கிறேன், ஏனென்றால் தாளில் எதிர்பார்ப்பை எழுதிவைக்கவில்லை. மார்க்கைத் திருத்திக் கொடுத்தேன், பையனிடம் குறைத்ததைச் சொல்ல எனக்குத்தான் தர்மசங்கடமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கை, இந்த இரண்டு புரோகிராமும் காலி லிஸ்டுக்கு ஒரே மாதிரி விழும். 0 - 2 என்பது -2, காலி லிஸ்டில் அந்த இடம் இல்லை, IndexError. அதாவது காலி லிஸ்டை மட்டும் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, இரண்டு எண் போட்டாலும் தெரியாது, சரியாக ஒரே ஒரு எண் போட்டால்தான் தெரியும். 'காலி லிஸ்ட் பார்த்தாயிற்று, ஒற்றை எண்ணும் அதே கதைதான்' என்று ஒன்றைத் தாண்டிப் போகக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சி மொழியில் இதையே a[n-2] என்று எழுதியிருந்தால் ஒற்றை எண்ணுக்கு அது a[-1], அரேக்கு வெளியே இருக்கிற இடம். மொழி அங்கே எந்த உத்தரவாதமும் தருவதில்லை, குப்பை எண் வரலாம், சில சமயம் பார்க்க நல்ல எண்ணாகவே வந்து தொலைக்கலாம்.

காலி லிஸ்டுக்கு எது சரி என்பது கணக்கைப் பொறுத்தது, எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை வைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டுத்தொகை கேட்டிருந்தால் காலி லிஸ்டுக்கு 0தான் சரியான விடை, ஏனென்றால் 0ஐக் கூட்டினால் எதுவும் மாறாது. பைத்தானின் sum([]) அதையே தருகிறது. பெரிய எண் கேட்டால் அப்படி ஒரு இயல்பான எண் கிடையாது, அதனால்தான் max([]) என்று போட்டால் பைத்தான் ValueError என்று மறுத்துவிடுகிறது. இரண்டாவது பெரியது இந்த இரண்டாவது வகை. ஆகவே காலி லிஸ்டுக்கு எர்ரரில் நின்ற புரோகிராமை 'கிராஷ் ஆகிவிட்டது' என்று முகம் சுளிக்க வேண்டாம். முதல் வருட மாணவனிடம் கேள்வி அதைப் பற்றி மூச்சு விடாதபோது, எர்ரரில் நிற்பது குற்றமில்லை என்பது என் கட்சி. இதை ஒத்துக்கொள்ளாத ஆசிரியர்கள் உண்டு, அவர்கள் கையாண்டே ஆகவேண்டும் என்பார்கள். உங்கள் மேடம் எந்தக் கட்சி என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீங்கள் கேட்காதது, ஆனால் உங்கள் லிஸ்டைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. முதல் புரோகிராமில் 0 வைத்துத் தொடங்குவது தப்பு என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதைக் கேட்ட கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி மாற்றியிருப்பார்கள்:

```python
big = marks[0]
sec = marks[0]
```

மற்றதெல்லாம் அதேதான். பார்க்க அழகாக இருக்கிறது. [45, 82, 67, 91]க்கு 82 சரியாக வரும். இதற்கு [91, 82, 67, 45] கொடுங்கள். big 91, sec 91. அதற்கப்புறம் வருவது எதுவும் 91ஐத் தாண்டப்போவதில்லை, அதனால் sec அசையவே அசையாது. விடை 91. முதலில் நிற்பதே பெரிய எண்ணாக இருந்தால் மட்டும் தப்பாகும், மற்ற எந்த வரிசைக்கும் சரியாக வரும். நாலு வெவ்வேறு எண்ணை 24 விதமாக அடுக்கலாம், அதில் 6 விதத்தில்தான் பெரியது முதலில் நிற்கும், மீதி 18இல் இந்தப் புரோகிராம் தப்பித்துவிடும். உங்கள் லிஸ்ட் அந்தப் பதினெட்டில் ஒன்று. elif பகுதியையே எழுத மறந்தவர்களும் உங்கள் லிஸ்டில் தேறிவிடுவார்கள், இறங்குமுக லிஸ்டில் பிடிபடுவார்கள். அதனால் மேடம் சொன்ன மூன்றோடு இறங்குவரிசை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் இந்தக் கேள்விக்கு நிறைய பேரைப் பிடிக்கும்.

எதிர்மறை எண் போடலாமா என்று கேட்பீர்கள். தொடங்கும்போது 0 வைத்தவனுக்கு [-4, -1, -7] கொடுத்தால் 0 வரும், தப்புதான். ஆனால் கேள்வி 'மதிப்பெண்' என்கிறது. லேப் கேள்வியில் மதிப்பெண் என்றால் 0 முதல் 100 என்று ஒரு பையன் எடுத்துக்கொண்டால் அவனைத் திட்ட முடியாது. ஜே.இ.இ. மாதிரித் தப்புக்கு ஒன்று கழிக்கிற பரீட்சை என்று கேள்வியில் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அதை வைவாவில் கேட்டுக்கொள்ளுங்கள், மார்க்கில் கை வைக்காதீர்கள்.

60 பேருடையதையும் கையால் ஓட்டினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும், அதனால் இப்படி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விடைகள் 'வெவ்வேறான மதிப்பெண்' என்ற கணக்கில் எழுதியிருக்கின்றன.

```python
cases = [
    ([45, 82, 67, 91], 82),
    ([91, 82, 67, 45], 82),
    ([91, 91, 67], 67),
    ([50, 0], 0),
    ([70, 70], None),
    ([50], None),
    ([], None),
]
for data, want in cases:
    try:
        got = second(list(data))
    except Exception as e:
        got = type(e).__name__
    print(data, want, got)
```

இதில் இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஒன்று, வந்த விடையை அச்சிடுகிறேனே தவிர, 'சரி', 'தப்பு' என்று நானே தீர்ப்பு எழுதவில்லை. காரணம் None. return போடாமல் print மட்டும் போட்ட மாணவன் எல்லா வகுப்பிலும் இருப்பான். அவனுடைய ஃபங்ஷன் எப்போதும் None தான் திருப்பும். கீழே இருக்கிற மூன்று வரிக்கும் எதிர்பார்ப்பு None, அதனால் ஒப்பிட்டு மார்க் போடுகிற ஸ்கிரிப்ட் அவனுக்கு ஏழுக்கு மூன்று கொடுத்துவிடும். அதைவிட மோசம், உள்ளே pass என்று மட்டும் எழுதி ஒரு வரியும் யோசிக்காதவனுக்கும் அதே மூன்று கிடைக்கும், அவன் காலி லிஸ்டைப் பிரமாதமாகக் கையாண்டதாக ரிப்போர்ட் வரும். மேலே உள்ள சாதாரண லிஸ்டுகளில் தேறியவனுக்கு மட்டும்தான் கீழே உள்ளவற்றுக்கு மார்க் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, second(data) என்று கொடுக்காமல் list(data) என்று நகல் எடுத்துக் கொடுப்பது. சிலர் marks.remove(max(marks)) என்று பெரியதைத் தூக்கிவிட்டு, மிச்சத்தில் max(marks) எடுத்திருப்பார்கள். விடை சரியாகத்தான் வரும், ஆனால் நீங்கள் கொடுத்த லிஸ்டிலிருந்து நிஜமாகவே 91 போய்விட்டது. நகல் எடுக்காமல் அதே லிஸ்டை இரண்டாவது தடவை கொடுத்தால் 82க்குப் பதில் 67 வரும். ஒரே நோட்புக்கில் வரிசையாகப் பல பேருடையதை ஓட்டினால் ஒருவன் கெடுத்த லிஸ்டால் அடுத்தவனுக்கு மார்க் போகும், பாவம் அவனுக்கு ஏன் என்றே தெரியாது. நகல் கொடுத்தால் அந்த ஆபத்து போகிறது, ஆனால் கெடுத்தவனும் தெரியாமல் தப்பிவிடுகிறான். அவனைப் பிடிக்க வேண்டுமானால் லிஸ்டைத் தனியாக வைத்து, ஓட்டியபின் அது மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நான் முதல் வருடத்தில் இதற்கு மார்க் குறைப்பதில்லை, சிவப்பு மையில் ஒரு வரி எழுதிவிடுவேன். அப்புறம் இந்த வகைப் புரோகிராமுக்கு [91, 91, 67] கொடுத்தால் 91 வரும், ஏனென்றால் remove முதலில் கண்ட ஒன்றைத்தான் எடுக்கும். [50] கொடுத்தால் மிச்சம் காலியாகி max ValueError போடும், அது நல்லதுதான்.

ஏழு லிஸ்ட் போதுமா என்றால், மார்க் போடப் போதும், சந்தேகம் தீரப் போதாது. ஒரு புரோகிராம் வித்தியாசமாக இருந்து நம்பிக்கை வரவில்லை என்றால் நான் யோசித்து லிஸ்ட் தேடுவதில்லை, சின்ன லிஸ்ட் அத்தனையையும் போட்டுவிடுவேன். 0, 1, 2 என்ற மூன்று எண்ணை வைத்து நீளம் 0 முதல் 4 வரை செய்யக்கூடிய லிஸ்டுகள் 1 + 3 + 9 + 27 + 81, மொத்தம் 121 தான். காலி லிஸ்ட், ஒற்றை எண், ஒரே எண் திரும்ப வருவது, ஏறுவரிசை, இறங்குவரிசை எல்லாம் தானாக அதற்குள் வந்துவிடும்.

```python
from itertools import product

for n in range(5):
    for t in product([0, 1, 2], repeat=n):
        s = sorted(set(t))
        if len(s) < 2:
            continue
        if second(list(t)) != s[-2]:
            print(t)
```

இரண்டாவது என்று ஒன்று இல்லாத 13 லிஸ்டுகளை இதில் தாண்டிவிடுகிறேன், அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், மீதி 108. marks[0] வைத்துத் தொடங்கிய அந்த அழகான புரோகிராமை இதில் விட்டால் முதலில் அச்சாவது (1, 0). இரண்டே எண், பெரியது முன்னால். மாணவனிடம் இதைக் காட்டினால் விளக்கமே வேண்டாம், அவனே விரலை வைத்து இரண்டு அடி நடந்து பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்துவிடுவான். சின்ன லிஸ்டிலிருந்து தொடங்குவதன் லாபம் அதுதான், பிழை எப்போதும் அதன் சின்ன உருவத்தில் முதலில் கிடைக்கும். 0 வைத்துத் தொடங்கிய முதல் புரோகிராம் இந்த 108இலும் ஒன்றில்கூடத் தவறாது, அதனால் அதன் குறை அந்த 13இல்தான் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். இதற்கும் எல்லை உண்டு. பெரிய எண்ணுக்கு மட்டும் தப்பாகிற புரோகிராம், உதாரணமாக மிகச் சின்ன எண்ணைத் தேடும்போது 100 வைத்துத் தொடங்கியது, 0, 1, 2 க்குள் சிக்காது. 91ஐ இரண்டு தடவை எண்ணுகிற கட்சிக்காரர்களையும் இது அநியாயமாகத் தப்பு என்றே சொல்லும், அவர்களுக்கு set(t) என்பதை t என்று மாற்றி, len(t) பார்த்து ஓட்டுங்கள்.

மார்க் பிரிப்பது: பத்துக்கு என்றால் நான் கலந்த வரிசை, இறங்குவரிசை, [50, 0] மூன்றுக்கும் சேர்த்து 6 வைப்பேன், திரும்ப வரும் எண்ணுக்கு 2, ஒற்றை எண்ணுக்கும் காலிக்கும் ஒவ்வொன்று. கடைசி இரண்டில் எர்ரரோ None-ஓ வாக்கியமோ எது வந்தாலும் முழு மார்க், ஒரு எண் வந்தால் இல்லை. இது என் வழக்கம், விதி என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, மேடத்தோடு பேசி நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். இந்த 60 பேருக்கும் ஒரே அளவு இருந்தால் சரி.

அடுத்த செட்டுக்குக் கேள்வியை இப்படிக் கொடுத்துப் பாருங்கள்: '0 முதல் 100 வரையான மதிப்பெண்கள் கொண்ட லிஸ்டில், வெவ்வேறான மதிப்பெண்களில் இரண்டாவது பெரியதைத் திருப்பும் ஃபங்ஷன் எழுது. அப்படி ஒன்று இல்லாவிட்டால் None திருப்பு. கொடுத்த லிஸ்டை மாற்றாதே.' நாங்கள் இப்படி மாற்றிய வருடத்திலிருந்து அந்தக் கேள்விக்கு மார்க் கேட்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் அதே வருடம் பலர் if not sec: return None என்று எழுதி [50, 0]க்கு None கொண்டுவந்தார்கள், பைத்தானுக்கு அந்த இடத்தில் 0வும் இல்லை என்பதும் ஒன்றுதான். அதற்காகத்தான் அந்த வரி மேலே லிஸ்டில் இருக்கிறது, எடுத்துவிடாதீர்கள்.